மினிட்ஸில் "மெயின்டனன்ஸ்" என்று எழுதாதீர்கள், ஆள் பெயரை எழுதுங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் இருந்தபோது, சீசனுக்கு முந்தைய கூட்டங்களுக்கு மினிட்ஸ் எழுதுவது என் தலையில் விழுந்தது. ஒரு வருடம் இப்படி ஒரு வரி எழுதினேன்: "ஃபில்லர் கேஸ்கெட் மாற்ற வேண்டும் – மெயின்டனன்ஸ் / பர்ச்சேஸ் – சீசனுக்கு முன்." யாரும் மறுப்புச் சொல்லவில்லை. மெயின்டனன்ஸில், பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் ஆர்டர் போட்டிருக்கும் என்று இருந்துவிட்டார்கள், பர்ச்சேஸில் அளவு வரட்டும் என்று இருந்துவிட்டார்கள், பெங்களூரா மாங்காய் லோடு கேட்டில் வந்து நின்ற அன்று பார்த்தால் கூழ் நிரப்பும் ஃபில்லருக்குள் பழைய கேஸ்கெட்டே இருக்கிறது.

தப்பு அந்த வரியில்தான். டிபார்ட்மென்ட் பெயரைப் போட்டால் யாருக்கும் போன் போட்டுக் கேட்க முடியாது. இரண்டு டிபார்ட்மென்டைச் சாய்கோடு போட்டு எழுதினால் இன்னும் மோசம், அந்தக் கோட்டுக்குள்ளேயே வேலை விழுந்துவிடும். ஒரு வேலை கைமாறுகிறது என்றால் அது ஒரு வரி இல்லை, மூன்று வரி:

அளவெடுத்து பர்ச்சேஸுக்கு மெயில் அனுப்புவது – குமார், மெயின்டனன்ஸ் – ஏப்ரல் 8
ஆர்டர் போடுவது – செல்வி, பர்ச்சேஸ் – ஏப்ரல் 10
மாட்டி, தண்ணீர் ஓட்டி, கசிவு இல்லை என்று பார்ப்பது – குமார், மெயின்டனன்ஸ் – ஏப்ரல் 24

தேதிகளைப் பின்னாலிருந்து எண்ணிப் போட வேண்டும். 24-ஆம் தேதி ஓட்டிப் பார்க்க வேண்டும், சப்ளையர் பத்து நாள் கேட்கிறார், மாட்டுவதற்கு நாலு நாள் கையில் வேண்டும் என்றால் ஆர்டர் 10-ஆம் தேதியைத் தாண்டக் கூடாது. "சீசனுக்கு முன்" என்று எழுதினால் இந்தக் கணக்கை யாருமே போட மாட்டார்கள். அப்புறம், பெயரோடு டிபார்ட்மென்டையும் எழுதுங்கள், எங்கள் ஆலையில் குமார் மூன்று பேர்.

கூட்டத்துக்கு வராதவர் தலையில் வேலையைக் கட்டுவது அடுத்த தவறு. "செல்வி பார்த்துக்குவாங்க" என்று யாராவது சொல்லுவார்கள், நாமும் எழுதிவிடுவோம், அவரோ லீவில் இருப்பார். அனுப்புவதற்கு முன் ஒரு போன் போட்டு வேலையையும் தேதியையும் சொல்லுங்கள், அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் "உறுதியாகவில்லை" என்று எழுதி, அதை யார் எப்போது முடிவு செய்வார் என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.

மூன்று நாள் கழித்து நாலு பக்க பிடிஎஃப்பாக அனுப்பினால் அதை யாரும் திறப்பதில்லை. அன்று சாயங்காலமே, வேலைப் பட்டியலை மெயிலின் முதல் வரியிலிருந்தே போட்டு, பேசியதை எல்லாம் கீழே தள்ளி, "திருத்தம் இருந்தால் நாளை மதியம் 12 மணிக்குள்" என்று எழுதி அனுப்புங்கள்.

தேதி தள்ளிப்போனால் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போடுகிறார்கள், நானும் செய்திருக்கிறேன். "ஏப்ரல் 10, பிறகு 14" என்று இரண்டையும் விட்டுவைத்தால்தான், 24-இல் ஓட்டிப் பார்ப்பது இடிக்கும் என்று குமாருக்கு அன்றைக்கே தெரியும்.