612 பேர் இருந்த வாட்ஸ்அப் குரூப்பை டெலிகிராமுக்கு மாற்றியது எப்படி: படிப்படியாக

எங்கள் குடியிருப்பில் 6 பிளாக், 384 வீடுகள். வாட்ஸ்அப் குரூப்பில் 612 பேர். தண்ணீர் லாரி வரும் நேரம், லிஃப்ட் பழுது, மெயின்டனன்ஸ் பாக்கி, காலை வணக்கம் எல்லாம் ஒரே வரிசையில் ஓடிக்கொண்டிருக்கும். லாரி எத்தனை மணிக்கு என்று பார்க்க ஐம்பது செய்திகளைத் தள்ள வேண்டும். தங்கள் போன் நம்பர் அத்தனை பேருக்கும் தெரிகிறது என்பதற்காகவே சிலர் விலகிப் போனார்கள். டெலிகிராமுக்கு மாறலாம் என்று சங்கக் கூட்டத்தில் முடிவானது.

முதல் முறை நான் செய்தது இதுதான்: புது குரூப் தொடங்கி, லிங்க்கைப் பழைய குரூப்பில் போட்டு, "எல்லோரும் சேருங்கள்" என்று எழுதினேன். மூன்று வாரத்தில் 228 பேர் வந்தார்கள். மீதிப் பேர் பழைய இடத்திலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களும் அங்கேதான் பேச்சு நடக்கிறது என்று திரும்பிப் போனார்கள். இரண்டாம் முறை செய்தது பலித்தது. அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

எந்தச் செயலி என்று முதலில் முடிவு செய்யுங்கள். டெலிகிராம் குரூப்பில் 2 லட்சம் பேர் வரை இருக்கலாம். போன் நம்பரை மறைக்கலாம். புதிதாக வருபவருக்குப் பழைய அறிவிப்புகள் தெரியும். ஆனால் அதன் குரூப் செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை, அதாவது குரூப்பில் இருப்பவர்கள் மட்டுமே படிக்க முடியும்படி பூட்டப்படுவதில்லை. லாரி நேரத்துக்கு அது பரவாயில்லை. உடல்நலம், வழக்கு, போராட்டம் போன்றவற்றைப் பேசும் குரூப் என்றால் நான் சிக்னல் செயலியைத்தான் சொல்வேன். அதில் குரூப்புக்கு 1,000 பேர் வரை, புதியவருக்குப் பழைய செய்தி தெரியாது, ஆனால் பேசுவது உள்ளேயே இருக்கும்.

1. ஆட்களை அல்ல, வீடுகளை எண்ணுங்கள்

612 பேரையும் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்ததால்தான் முதல் முறை மலைத்துப்போனேன். பட்டியலை உட்கார்ந்து பார்த்தால் வீட்டைக் காலி செய்து போனவர்கள், ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர், ஒருவருக்கே இரண்டு நம்பர் என்று நிறைய இருந்தது. எங்களுக்கு வேண்டியது ஒரு வீட்டுக்கு ஒருவராவது. எனவே இலக்கு 384. அதற்கு ஒரு எக்செல் ஷீட்: வீட்டு எண், பெயர், சேர்ந்தாயிற்றா என்று மூன்றே பத்தி. உங்களுடையது பழைய மாணவர் குரூப் என்றால் வீட்டுக்குப் பதில் வகுப்புப் பிரிவு, பஜனைக் குழு என்றால் தெரு. எண்ணும் அலகு எதுவென்று தெரியாமல் தொடங்காதீர்கள்.

2. புது குரூப்பை ஆள் வருமுன் நிரப்பி வையுங்கள்

வெறும் குரூப்புக்குள் வருபவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். நான் முதலில் குரூப் அமைப்பில் `Chat history for new members` என்பதை `Visible` ஆக்கினேன். அப்புறம் `Topics` வசதியை இயக்கி மூன்றே தலைப்பு வைத்தேன்: அறிவிப்பு, பழுது, பொதுப் பேச்சு. அறிவிப்புத் தலைப்பை மூடிவிட்டால் அட்மின்கள் மட்டும் அதில் எழுதலாம். ஆரம்பத்தில் ஒன்பது தலைப்பு வைத்திருந்தேன். உள்ளே வந்த பெரியவர்கள் பட்டியலைப் பார்த்து, எங்கே எழுதுவது என்று தெரியாமல் நின்றுவிட்டார்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம்.

சங்க விதிகள், பிளம்பர், எலெக்ட்ரீஷியன் நம்பர்கள், அந்த வார லாரி அட்டவணை ஆகியவற்றைக் கையாலேயே போட்டேன். வாட்ஸ்அப் அரட்டை முழுவதையும் `Export chat` வழியாக டெலிகிராமுக்குள் கொண்டுவர முடியும். நான் அதைச் செய்யவில்லை. ஏற்றுமதி செய்பவரின் போனில் ஒவ்வொருவரும் எந்தப் பெயரில் சேமிக்கப்பட்டிருக்கிறார்களோ அதே பெயரில்தான் அவர்கள் எழுதியது வந்து நிற்கும். 600 பேர் முன்னால் அது தேவையில்லாத சங்கடம். மேலும், அந்தக் குரூப்பை நம்பி எழுதியவர்களைக் கேட்காமல் இன்னொரு இடத்துக்குத் தூக்கிப் போவதும் முறையில்லை.

3. பிளாக்குக்கு ஒரு லிங்க்

இந்த முறையில் எனக்கு மிகவும் உதவியது இதுதான். டெலிகிராமில் ஒரே குரூப்புக்குப் பல அழைப்பு லிங்க்குகள் உருவாக்கலாம். குரூப் பக்கத்தில் பேனா குறி, அதற்குள் `Invite Links`, பிறகு `Create a New Link`. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கலாம். ஏ முதல் எஃப் வரை ஆறு லிங்க் செய்தேன். எந்த லிங்க் வழியாக எத்தனை பேர், யார் யார் வந்தார்கள் என்பது அந்த லிங்க்கைத் தொட்டால் தெரியும். `Request Admin Approval` என்பதையும் இயக்கினேன். லிங்க் வெளியே போனாலும் அந்நியர் நேராக உள்ளே வர முடியாது.

பிளாக்குக்கு ஒரு பொறுப்பாளர். லிங்க்கைப் பொதுக் குரூப்பில் போடாமல் அவர் தன் பிளாக் ஆட்களுக்குத் தனித்தனியாக அனுப்புவார். அனுப்பும் செய்தி இப்படி இருந்தது:

```
வணக்கம் அக்கா. வரும் 15ஆம் தேதியிலிருந்து
தண்ணீர் லாரி நேரம் இங்கே மட்டும்தான் வரும்.
லிங்க்: (பிளாக் லிங்க்)
உள்ளே வந்ததும் வீட்டு எண், பெயர் எழுதுங்கள்.
உதாரணம்: B-304 செல்வி
```

கடைசி வரியை விடாதீர்கள். நம்பர் மறைந்திருந்தால், "எஸ்.கே." என்ற பெயரில் வந்தவர் எந்த வீடு என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

ஐந்தாம் நாள் பார்த்தபோது ஏ பிளாக் லிங்க்கில் 51 பேர், டி பிளாக்கில் 14 பேர். விசாரித்தால் டி பிளாக் பொறுப்பாளர் வெளியூர் போயிருந்தார். எதிர்வீட்டுப் பெண்ணிடம் பொறுப்பை மாற்றிக் கொடுத்தோம். ஒரே லிங்க் வைத்திருந்தால் மொத்த எண்ணிக்கை மட்டும் தெரிந்திருக்கும். தடங்கல் எங்கே என்று தெரிந்திருக்காது.

நேரம் மிச்சம் என்று எல்லோரையும் நீங்களே குரூப்பில் சேர்க்காதீர்கள். உங்களைத் தொடர்பில் வைத்திராதவர்களை அடுத்தடுத்துச் சேர்த்தால் டெலிகிராம் உங்கள் கணக்கைக் கட்டுப்படுத்திவிடும். அப்படி ஆகியிருக்கிறதா என்று `@SpamBot` என்ற கணக்குக்கு எழுதினால் சொல்லும்.

4. ஓடிபி வராதவர்கள்

நான் அதிகம் திணறியது இங்கேதான். டெலிகிராமை நிறுவினோம், நம்பர் போட்டோம், எஸ்எம்எஸ் வரவே இல்லை என்று நாளுக்கு நாலைந்து பேர் சொன்னார்கள். சிக்னல் சரியில்லை என்று நினைத்து மொட்டைமாடிக்கெல்லாம் போகச் சொன்னேன்.

சி பிளாக்கில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். அவர் போனை வாங்கித் திரையில் இருந்ததை நிதானமாகப் படித்தேன். குறியீட்டை உங்கள் இன்னொரு சாதனத்தில் இருக்கும் டெலிகிராமுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. "அம்மா, இந்த நம்பரில் முன்னாடி யாராவது டெலிகிராம் போட்டாங்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தவர், "பையன் ஊருக்குப் போகுமுன்னே டேப்லெட்டில் ஏதோ போட்டுக் கொடுத்தானே தம்பி" என்றார். டேப்லெட் அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. கால் மணி நேரம் சார்ஜ் போட்டு, வைஃபையில் இணைத்துத் திறந்தோம். `Telegram` என்ற பெயரிலிருந்து ஐந்து இலக்கம் வந்து நின்றது.

விஷயம் இதுதான்: அந்த நம்பரில் ஏற்கெனவே கணக்கு இருந்து, அது வேறொரு சாதனத்தில் திறந்திருந்தால், குறியீடு முதலில் அங்கேதான் போகும். எனவே எஸ்எம்எஸ் வரவில்லை என்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பழைய போன், டேப்லெட், பிள்ளைகளின் லேப்டாப் எதிலாவது இந்த நம்பரில் டெலிகிராம் இருக்கிறதா என்பது. அந்தச் சாதனம் கையில் இல்லையென்றால், எஸ்எம்எஸ் மூலம் பெறும் வாய்ப்பு திரையின் கீழே வருகிறதா என்று சற்றுக் காத்திருந்து பாருங்கள்.

பொறுப்பாளர்களுக்கு ஒரு கண்டிப்பான விதி வைத்தோம்: யாருடைய குறியீட்டையும் போனில் கேட்கக் கூடாது. அந்த ஐந்து இலக்கத்தை வாங்கிக் கணக்கையே பறிக்கும் மோசடி உண்டு. நாமே கேட்டுப் பழக்கினால் நாளைக்கு மோசடிக்காரர் கேட்கும்போதும் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பதில் சனிக்கிழமை மாலை லிஃப்ட் அருகே ஒரு மேசை போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். அவரவர் போனில் அவரவரே தட்டினார்கள். 41 பேர் சேர்ந்தார்கள்.

சேர்ந்ததும் செய்ய வேண்டிய ஒன்று: `Settings`, `Privacy and Security`, `Phone Number` என்று போய் `Nobody` தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நம்பர் தெரியக் கூடாது என்றுதானே மாறுகிறோம்.

5. சொன்ன நாளில் பழையதைப் பூட்டுங்கள்

முதல் முறை நான் செய்யாமல் விட்டது இதைத்தான். பழைய குரூப்பில் ஒருவர் "இன்னைக்கு லாரி வருமா?" என்று கேட்பார். பாவம் என்று யாராவது பதில் சொல்வார்கள். நானே சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு பதில் போதும், அவர் மாறவே மாட்டார். பதில் கிடைக்கிற இடத்தை விட்டு யாரும் கிளம்ப மாட்டார்கள்.

இரண்டாம் முறை பத்து நாள் முன்பே தேதி சொன்னோம். அந்த நாள் காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் `Group permissions` போய் `Send new messages` என்பதை அணைத்தேன். இனி அட்மின் மட்டும்தான் எழுத முடியும். அட்மின்களையும் ஏழிலிருந்து இரண்டாகக் குறைத்தேன். இல்லையென்றால் அவர்களில் ஒருவர் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்.

பூட்டிய பிறகு 30 நாள், பழைய குரூப்பில் தினமும் ஒரே ஒரு வரி: "இன்றைய லாரி நேரம் டெலிகிராமில் இருக்கிறது. சேர உங்கள் பிளாக் பொறுப்பாளரைக் கேளுங்கள்." நேரத்தை மட்டும் எழுதவே மாட்டேன். தீ, மின்கசிவு போன்ற அவசரம் என்றால் இரண்டு இடத்திலும் போடுவோம் என்று முன்பே சொல்லியிருந்தோம். பூட்டிய முதல் மூன்று நாளில் மட்டும் 96 பேர் வந்தார்கள். கோபமாகப் போன் செய்தவர்களும் உண்டு. அவர்களை அன்றே நேரில் போய்ப் பார்த்துச் சேர்த்துவிட்டோம்.

பழைய குரூப்பை அழித்துவிடாதீர்கள். அதிலுள்ள பட்டியல்தான் விடுபட்டவர்களைத் தேட உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு மாறிய ஒருவர், சேர்ந்த பிறகும் பலருக்குச் செய்தி வந்த சத்தமே கேட்பதில்லை என்று எழுதியிருந்தார். எங்களுக்கும் நடந்தது. சில ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியைச் சேமிக்கப் புதுச் செயலிகளைப் பின்னணியில் நிறுத்திவிடும். போன் அமைப்பில் டெலிகிராமுக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, `Autostart` இருந்தால் இயக்குங்கள். சேர்ந்தும் பத்து நாளாக எதையும் பார்க்காதவர் என்றால் முதலில் இதைச் சோதியுங்கள்.

ஸோஹோவின் அரட்டை செயலிக்கு மாற இதே முறை பொருந்துமா என்று பலர் கேட்டார்கள். வீட்டை எண்ணுவது, பொறுப்பாளர், தேதி சொல்லிப் பூட்டுவது எல்லாம் எந்தச் செயலிக்கும் பொருந்தும். பிளாக் வாரியாக லிங்க் வைத்து எண்ண முடியுமா என்பதை மட்டும் பத்துப் பேர் குரூப் ஒன்றில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் ஷீட்டில் கையால் குறிக்க வேண்டியதுதான்.

எங்கள் ஷீட்டில் இப்போது 384-இல் 365 வீடுகளுக்கு டிக் விழுந்திருக்கிறது. மீதி 19-இல் 8 வீடுகள் பூட்டிக் கிடப்பவை. 11 வீடுகளில் பட்டன் போன் மட்டும் வைத்திருக்கும் முதியவர்கள். அவர்களுக்காக லாரி நேரத்தைத் தினமும் காலை 7 மணிக்கு லிஃப்ட் பக்கத்துப் பலகையில் வாட்ச்மேன் சாக்பீஸால் எழுதுகிறார்.