மணமகன் தேவை: வரி விளம்பரம் எழுதுவது எப்படி?

ஈரோட்டில் ஒரு விளம்பர ஏஜென்சியின் முன்மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இதழுக்கான வரன் விளம்பரங்களை வாங்கிச் சொற்களை எண்ணி அனுப்புவதுதான் வேலை. அந்தப் பழக்கத்தால் இன்றைக்கும் சொந்தக்காரர்கள் யாராவது ஒரு தாளை நீட்டி "கொஞ்சம் பார்த்துக் குடு" என்பார்கள். போன மாதம் பெரியப்பா மகன் நீட்டினார். அதை வைத்தே சொல்கிறேன். அவர் எழுதி வந்தது இது:

"பாரம்பரியமும் கௌரவமும் மிக்க குடும்பத்தைச் சேர்ந்த, அழகும் அடக்கமும் நிறைந்த, சிவந்த நிறமுடைய, வீட்டு வேலைகள் அனைத்தும் அறிந்த, கொங்கு வேளாளக் கவுண்டர், பயிரன் கூட்டம், ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி, எம்.எஸ்சி. முடித்து நல்ல வேலையில் கைநிறையச் சம்பாதிக்கும் பெண்ணுக்கு, நன்கு படித்த, நல்ல வேலையில் உள்ள, நற்குணமும் தெய்வபக்தியும் உடைய, கெட்ட பழக்கம் இல்லாத மணமகன் தேவை. தகுந்த சீர் செய்யப்படும்."

எண்ணிப் பார்த்தேன், 46 சொற்கள். "அண்ணா, பாப்பாவுக்கு வயசு எங்கே?" என்று கேட்டேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வயது இல்லை, உயரம் இல்லை, எந்த ஊர் என்று இல்லை, என்ன வேலை என்றும் இல்லை.

முதல் படி: ஒவ்வொரு சொல்லையும் ஒரு கேள்வி கேளுங்கள்

"இந்தச் சொல்லைப் படித்துவிட்டு யாராவது போன் பண்ணாமல் விடுவார்களா?" இதுதான் கேள்வி. விளம்பரம் வந்த ஞாயிறன்று போன் ஓயாது. பொருந்தாத அழைப்புகளை வீட்டுக்கு வெளியிலேயே நிறுத்துவதுதான் விளம்பரத்தின் வேலை. அதைச் செய்யாத சொல் காசுக்குக் கேடு.

"நற்குணம்" என்ற சொல்லைப் பார்த்து "நம்ம பையனுக்கு அது கிடையாது" என்று போனைக் கீழே வைத்த தகப்பனை நான் பார்த்ததில்லை. "நல்ல வேலை" என்றால் ஒருவருக்கு அரசு வேலை, இன்னொருவருக்குச் சொந்த விசைத்தறி. அடிக்கவேண்டியவற்றை அடித்துக்கொண்டே வந்தேன். பாரம்பரியம், கௌரவம், அழகு, அடக்கம் எல்லாம் போயின. அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. "அடக்கம்னு போடாட்டி எப்படிடா?" என்றார். அடக்கம் என்று நாமே அச்சடித்துச் சொன்னால் அது அடக்கமா என்று கேட்டதும் சிரித்துவிட்டார். நிறத்தையும் அடித்தேன். எப்படியும் போட்டோ போகப்போகிறது. பார்க்கிறவர் பார்த்துக்கொள்வார்.

இரண்டாம் படி: இருந்தே ஆகவேண்டியவை

வயது, உயரம், படிப்பு, வேலை, வேலை பார்க்கும் ஊர். ஜாதகம் பார்க்கிற வீடென்றால் நட்சத்திரமும் தோஷமும். இவற்றை விட்டால் ஒவ்வொரு அழைப்பிலும் அதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

வயதில் ஒன்றிரண்டு குறைத்துப் போடுகிறவர்கள் உண்டு. ஜாதகம் கைமாறிய அன்றே பிறந்த தேதி தெரிந்துவிடும், அதோடு அந்த இடம் போய்விடும். உயரத்தைச் சென்டிமீட்டரில் போடுங்கள். 5.4 என்று எழுதினால் அது 5 அடி 4 அங்குலமா, 5.4 அடியா என்று சிலருக்குக் குழப்பம் வருகிறது. 163 செ.மீ. என்றால் வராது.

வேலையைப் பெயரோடு சொல்லவேண்டும், ஆனால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. "கோவை தனியார் கல்லூரி விரிவுரையாளர்" போதும். கல்லூரிப் பெயரும் சேர்ந்தால், முன்பின் தெரியாதவர் நேரே கல்லூரி வாசலில் போய் விசாரிப்பார். இதே காரணத்தால் பிறந்த தேதி, நேரம், வீட்டு முகவரி எதுவும் விளம்பரத்தில் வேண்டாம். அதெல்லாம் ஒரு முறையாவது பேசிய பிறகு.

பையன் வீட்டு விளம்பரமானால் சம்பளம் கேட்பார்கள். "ஐந்து இலக்கச் சம்பளம்" என்று இன்னும் எழுதுகிறார்கள். 10,000 ரூபாயும் ஐந்து இலக்கம்தான், 99,999 ரூபாயும் ஐந்து இலக்கம்தான். மாதச் சம்பளத்தை ஒரு எண்ணாகப் போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: சாதி, கூட்டம், கோத்திரம்

சாதி பார்க்காத வீடென்றால் "சாதி தடையில்லை" என்ற இரண்டு சொல்லோடு இந்தப் படி முடிந்தது. ஆனால் மெய்யாகவே தடையில்லை என்றால் மட்டும் எழுதுங்கள். அப்படி எழுதிவிட்டு, போன் செய்தவரிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டு வைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அழைத்தவருக்கு அது எப்படிப்பட்ட அவமானம் என்று யோசிக்க வேண்டும்.

பார்க்கிற வீடென்றால் உட்பிரிவையும் போட்டாக வேண்டும். பெருமைக்காக இல்லை, ஒரே கூட்டத்துக்குள் கட்டமாட்டார்கள் என்பதற்காக. கொங்கு வேளாளக் கவுண்டருக்குக் கூட்டம், பிராமணர்களுக்குக் கோத்திரம், நகரத்தாருக்குக் கோயில். "பயிரன் கூட்டம்" என்ற இரண்டு சொல், மற்ற பயிரன் கூட்டத்தார் அத்தனை பேரையும் தானாகவே விலக்கிவிடுகிறது. மொத்த விளம்பரத்திலும் நன்றாக உழைக்கும் சொற்கள் அவை.

நான்காம் படி: நட்சத்திரத்தில் மிச்சம் பிடிப்பது

இது பலருக்குத் தெரியாது. அண்ணன் "ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி" என்று நான்கு சொல் எழுதியிருந்தார். ரோகிணி முழுவதும் ரிஷபத்தில்தான் இருக்கிறது. ஜாதகம் பார்க்கிறவருக்கு ரோகிணி என்றாலே ராசி தெரியும். "ரோகிணி" என்ற ஒரு சொல் போதும்.

ஆனால் எல்லா நட்சத்திரத்துக்கும் இப்படி விட முடியாது. கார்த்திகை, மிருகசீரிடம், புனர்பூசம், உத்திரம், சித்திரை, விசாகம், உத்திராடம், அவிட்டம், பூரட்டாதி ஆகிய ஒன்பதும் இரண்டு ராசியில் உடைந்து கிடப்பவை. உத்திரம் முதல் பாதம் சிம்மம், மற்ற மூன்றும் கன்னி. "உத்திரம்" என்று மட்டும் போட்டால் பொருத்தம் பார்க்க முடியாமல் பாதம் கேட்டுப் போன் வரும். இந்த ஒன்பதில் ஒன்றானால் ராசியையும் சேருங்கள்: "உத்திரம், கன்னி".

செவ்வாய் தோஷமோ ராகு கேதுவோ இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். அதே தோஷமுள்ள ஜாதகத்தைத் தேடிக்கொண்டிருக்கிற வீடுகள் அந்தச் சொல்லைத்தான் கண்ணால் துழாவும். இல்லையென்றால் "சுத்த ஜாதகம்". மூலம், ஆயில்யம், கேட்டை என்று பயப்படுகிறவர்களுக்காக நட்சத்திரத்தை ஒளிக்கவும் வேண்டாம். மூலம் என்றால் மாமனாருக்கு ஆகாது என்று நம்புகிற வீடு, நாலு முறை பேசிய பிறகு தெரிந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லும். அதை முதலிலேயே சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஐந்தாம் படி: எதிர்பார்ப்பு

மூன்றுக்கு மேல் வேண்டாம். மூன்றும் ஆமா இல்லையா என்று பதில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். அண்ணனிடம் கேட்டுக் கேட்டு வாங்கியது: பட்டம் பெற்றிருக்க வேண்டும், 33 வயதுக்குள் இருக்க வேண்டும், கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமாக இருக்க வேண்டும். அப்புறம் பாப்பாவையே கூப்பிட்டுக் கேட்டேன். "கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன், அதைப் போடுங்க சித்தப்பா" என்றாள். 46 சொல்லில் ஒன்றுகூட அவள் சொன்னதாக இல்லை. "பெண் வேலையைத் தொடர்வார்" என்று சேர்த்தேன். விளம்பரம் எழுதி முடிப்பதற்கு முன், யாருக்காக எழுதுகிறோமோ அவரை ஒரு வரியாவது சொல்ல விடுங்கள்.

ஆறாம் படி: எழுதவே கூடாதது

"தகுந்த சீர் செய்யப்படும்", "100 பவுன் போடப்படும்", "ஒரே மகள், தோட்டம் முழுதும் இவருக்கே". இவற்றைக் கண்டால் அடித்துவிடுங்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் 4ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருமணத்துக்குக் கைம்மாறாகப் பணமோ சொத்தில் பங்கோ தருவதாக விளம்பரம் செய்வது அதன்படி குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் வரை அபராதம். வெளியிடுகிறவருக்கும் அதே தண்டனை. முன்மேசையில் நாங்கள் இந்த வரியைத் திருப்பிக் கொடுத்ததற்கு அதுதான் காரணம். சிலர் "நாங்களே இஷ்டப்பட்டுச் செய்யறோம்" என்று வாதம் பண்ணுவார்கள். இஷ்டப்பட்டாலும் விளம்பரத்தில் வரக்கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்த வரியைப் பார்த்து வருகிறவர் எதற்காக வருகிறார் என்று பாருங்கள்.

மறுமண விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "பெயரளவில் திருமணமாகி" என்று சுற்றி வளைக்காமல் "விவாகரத்து பெற்றவர், குழந்தை இல்லை" அல்லது "துணையை இழந்தவர், 6 வயது மகன்" என்று நேராக எழுதுங்கள். தீர்ப்பு வராமல் வழக்கு நடந்துகொண்டிருந்தால் விளம்பரமே இப்போது வேண்டாம்.

எழுதி முடித்தது

"மணமகன் தேவை: கொங்கு வேளாளக் கவுண்டர், பயிரன் கூட்டம், 27, 163 செ.மீ., ரோகிணி, சுத்த ஜாதகம், எம்.எஸ்சி. கணிதம், கோவை தனியார் கல்லூரி விரிவுரையாளர். பட்டம் பெற்ற, 33க்குட்பட்ட, கோவை, ஈரோடு, திருப்பூரில் வேலை அல்லது தொழில் செய்பவர். பெண் வேலையைத் தொடர்வார். மாலை 6–8, தந்தை:" என்று சொல்லி போன் எண்.

எண்ணையும் சேர்த்து 36 சொற்கள். பத்து குறைந்தது, விட்டுப்போன வயதும் உயரமும் ஊரும் வேலையும் உள்ளே வந்துவிட்டன. கட்டணம் சில இதழ்களில் வரிக்கணக்கு, சிலவற்றில் சொல் கணக்கு. குறைந்தபட்ச அளவு ஒன்று வைத்திருப்பார்கள். அதற்கும் கீழே குறைத்தால் காசு குறையாது. முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாப்பாவின் எண்ணைப் போடவில்லை. இதற்கென்று தனியாக ஒரு சிம் வாங்கி அப்பா கையில் கொடுத்தாகிவிட்டது.

கடைசிப் படி: புரூப்

அச்சுக்குப் போகுமுன் இரண்டு இடத்தை மட்டும் விரல் வைத்துப் பாருங்கள். ஒன்று, தலைப்பில் ன்னா, ள்ளா. பெண் வீட்டார் "மணமகள்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள், நம் வீட்டில் இருப்பது மணமகள்தானே என்று. தலைப்பில் வருவது நம்மிடம் இருப்பவர் இல்லை, நமக்கு வேண்டியவர். ஓர் எழுத்து மாறினால் விளம்பரம் வேறு பத்தியில் போய் உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று போன் எண். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு எண்ணில் 3-ஐ 8 என்று படித்து அனுப்பிவிட்டேன். அந்த எண் ஒரு டீக்கடைக்காரருடையது. ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து அவருக்கு வரன்கள் வந்துகொண்டே இருந்தன. மத்தியானம் ஏஜென்சிக்கே போன் பண்ணி, "எனக்கு ரெண்டும் பையனுங்க, ஒண்ணு ஆறாவது, ஒண்ணு நாலாவது படிக்குதுங்க" என்றார். அதிலிருந்து எண்ணை இரண்டிரண்டாகப் பிரித்து, எழுதியவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவேன்.