'தானே'வை எடுத்த பிறகு நின்ற கானா வரி

ராயபுரத்தில் ஒரு கச்சேரிக்காக எழுதிய கானா இப்படித் தொடங்கியது:

காசிமேட்டுக் கடலோரம் தானே
காலையிலே வலை இழுத்தேன் நானே

மெட்டில் உட்கார்ந்தது, ஆனால் வரி காலியாக இருந்தது. கடைசிச் சொல்லை விட்டுவிட்டுப் படித்தேன். பொருள் துளியும் குறையவில்லை. 'இழுத்தேன்' என்றாலே நான்தான். 'காலையிலே'யின் ஏகாரமும் வெறும் நீட்டல்.

'தானே', 'நானே' இரண்டையும் வெட்டினால் தாளத்தில் ஓட்டை விழும். அங்கே 'அம்மா', 'ஐயா' என்று போட்டால் பழைய கதைதான். அதனால் கடைசியில் வரும் இயைபையே விட்டுவிட்டு, ஓசையை வரியின் தலைக்குக் கொண்டுபோனேன், எதுகையாக:

வலையை இழுத்தா வஞ்சிரம் ரெண்டு
விலையைக் கேட்டா டீசலுக்குப் பத்தல

வலை, விலை இரண்டிலும் முதலெழுத்து குறில், இரண்டாம் எழுத்து 'லை'. காதுக்கு அது போதும். வரிக்கு நாலு சொல். மேசையில் தட்டிப் பாடினேன், தட்டுக்கு ஒன்றாக விழுந்தன. மீனும் டீசலும் உள்ளே வர இடமும் கிடைத்தது.

எல்லா ஏகாரத்தையும் வெட்டக் கூடாது. 'நானே இழுத்தேன்' என்றால் துணைக்கு ஆள் இல்லை என்று பொருள், அது இருக்கட்டும். எதிரே நிற்பவனைக் கூப்பிடும் 'மச்சான்' கூட அப்படித்தான்.