ஃப்ரீசரில் இருந்து நேரே ஓவனுக்கு: சேலம் பக்கமிருந்து புதிதாக வந்தவர்களுக்குச் சிக்கன் பிரெஸ்ட்

சேலத்தில் கறிக்கடைக்குப் போனால் கோழியை எலும்போடு சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுப்பார்கள். வெந்துவிட்டதா என்பதை எலும்பில் இருந்து கறி கழல்வதை வைத்தே கண்டுகொள்ளலாம். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைப்பது எலும்பில்லாத, உள்ளங்கை அகலமுள்ள, தடிமனான, கல்லாக உறைந்த பிரெஸ்ட். இதில் அந்தக் கணக்கு எடுபடாது. மேலே நன்றாகச் சிவந்திருக்கும்போதும் நடுவில் பச்சையாக இருக்கலாம்.

வேலை முடிந்து வந்து பசியோடு நிற்கும்போது, ஐஸ் விடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓவனிலோ அடுப்பிலோ உறைந்தபடியே சமைப்பது பாதுகாப்பானதுதான். ஐஸ் விட்ட கறிக்கு ஆகும் நேரத்தில் இன்னொரு பாதி கூடுதலாக ஆகும், அவ்வளவே. உள்ளே இருக்கும் ஐஸ் உருகி முடியும்வரை நடுப்பகுதியின் சூடு ஏறவே ஏறாது. நேரம் போவது அதற்குத்தான். அவசரப்பட்டு ஓவன் சூட்டைக் கூட்டினால் ஓரம் நாராகிவிடும், நடு அப்படியே கிடக்கும். பாக்கெட்டில் ‘ஐஸ் முழுதும் விட்ட பிறகே சமைக்கவும்’ என்று போட்டிருந்தால் மட்டும் அதன்படியே செய்யுங்கள்.

இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஓவனை 200 டிகிரி செல்சியஸுக்கு முதலிலேயே சூடாக்குங்கள். ஃபேன் ஓவன் என்றால் 180 போதும். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருக்கக் கூடாது. ஒட்டியிருந்தால் அது இரண்டு துண்டில்லை, ஒரு பெரிய துண்டு. கீழே சொல்லும் நேரம் எதுவும் அதற்குப் பொருந்தாது. கறியைக் கழுவவும் வேண்டாம். ஊரில் மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் அலசிப் பழகியவர்களுக்கு இது கஷ்டம்தான். ஆனால் அலசுவதால் கிருமி சாவதில்லை, சிங்க்கைச் சுற்றிலும் தெறிக்கிறது. ஃப்ரீசரும் அதைக் கொல்வதில்லை. சமைக்கும் சூடுதான் கொல்லும்.

எண்ணெய் தடவிய தட்டில் துண்டுகளை இடைவெளி விட்டு வைத்து, மூடாமல் 20 நிமிடம் விடுங்கள். மசாலாவை ஆரம்பத்திலேயே தடவினால் பனிக்கட்டி மேல் நிற்காது, வழிந்து தட்டில் தீய்ந்துபோகும். 20 நிமிடத்தில் மேல்புறம் இளகித் தட்டில் தண்ணீர் நிற்கும். அதை வடித்துவிட்டு உப்பு, மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, எண்ணெய், ஏற்காட்டு மிளகு மூட்டையில் வந்திருந்தால் அதையும் கொரகொரப்பாகப் பொடித்துக் குழைத்துத் தடவுங்கள். கறி இன்னும் பச்சைதான். தடவிய கரண்டியும் மிஞ்சிய மசாலாவும் வெந்த கறிப்பக்கம் வரக் கூடாது.

மறுபடி ஓவனில் வைத்து 15 நிமிடம் கழித்து, அதாவது மொத்தம் 35 நிமிடத்தில், முதல் சோதனை. இதற்குச் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். குச்சிபோல முனை இருக்கும் சாதாரண டிஜிட்டல் வகையே போதும். மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில், மிகத் தடித்த இடத்தின் நடுவுக்கு முனை போகும்படி செருகுங்கள். முனை மறுபுறம் வந்து சுடும் தட்டைத் தொட்டால் பொய்க் கணக்கு காட்டும். எண் ஏறி நின்ற பிறகு குச்சியை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். தென்படுவதிலேயே குறைந்த எண்தான் உண்மையான நடு. அது 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும்; ஃபாரன்ஹீட் காட்டும் கருவியில் 165.

முதல் சோதனையில் 58 என்று காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. குச்சியைச் சோப்புப் போட்டுக் கழுவி, கறியை இன்னும் 7, 8 நிமிடம் வைத்துவிட்டு மறுபடி குத்துங்கள். கழுவாமல் குத்தினால் பச்சைக் கறியின் சாற்றை வெந்த கறிக்குள் நீங்களே ஏற்றியதாகிவிடும். பெரும்பாலும் 40 முதல் 45 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு துண்டையும் தனித்தனியாகப் பாருங்கள், தடித்தது பின்தங்கும். எடுத்ததும் வெட்டாமல் 5 நிமிடம் வைத்தால் சாறு தட்டில் ஓடாது.

தெர்மாமீட்டர் கைக்கு வரும்வரை, தடித்த இடத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் ஆவி பறக்க வேண்டும், இளஞ்சிவப்பு எங்கும் இருக்கக் கூடாது, சாறு தெளிவாக ஓட வேண்டும். இருந்தாலும் நிறத்தை முழுதாக நம்ப முடியாது. 74 வருவதற்கு முன்பே கறி வெளுத்துவிடுவதுண்டு.

குழம்புக்கு வேண்டுமென்றால் உறைந்த கறியோடு கத்தியால் மல்லுக்கட்டாதீர்கள், வழுக்கிக் கையை வெட்டும். முழுத் துண்டாகவே மூழ்கும் அளவு தண்ணீரில் போட்டு, மூடி, மெல்லக் கொதிக்க விட்டு, அரை மணி நேரத்தில் அதே மாதிரி நடுவைச் சோதியுங்கள். வெந்த பிறகு வெட்டிக் குழம்பில் சேர்க்கலாம், வெந்த தண்ணீரையும் ஊற்றலாம். ஸ்லோ குக்கரில் மட்டும் உறைந்த கறியைப் போடாதீர்கள். அது மெதுவாகச் சூடேறுவதால் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கறி மணிக்கணக்கில் கிடக்கும். கிருமி பெருகுவது அந்தச் சூட்டில்தான்.