காவேரிப்பட்டணம் மணலில் 32 எப்படி 25 ஆனது: எஸ்.பி.டி. சோதனை

தென்பெண்ணை ஆற்றங்கரை, காவேரிப்பட்டணம் பக்கம். 6 மீட்டர் ஆழத்தில் வண்டல் கலந்த நுண்மணல், 2 மீட்டரிலேயே தண்ணீர். எஸ்.பி.டி. என்பது சுத்தியல் அடிகளை எண்ணி மண்ணின் வலுவைக் கணிக்கும் சோதனை. இப்படி ஒரு ஆழ்துளைப் போரை எடுத்துக்கொண்டு அதன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் போரைச் சோதனை ஆழம் வரை சுத்தம் செய்து, ராடு நுனியில் பிளவுக் குழாயை மாட்டி இறக்குங்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, ஒவ்வொரு 15 செ.மீ. இறங்கவும் எத்தனை அடி ஆனது என்று எழுதுங்கள். (ஆழத்தை மீட்டரில் எழுதுவது நல்லது. 'அடி' என்றால் எந்த அடி என்று பின்னால் குழம்பும்.)

நம் போரில் வந்தது 9, 14, 18. முதல் 15 செ.மீ. போர் தோண்டியதில் கலைந்த மண், அதனால் அந்த 9-ஐ விட்டுவிட வேண்டும். 14 + 18 = 32. கடைசி 30 செ.மீ.க்கான இந்த அடி எண்ணிக்கைதான் N.

அப்புறம் திருத்தம். ஒரே மணல்தான் என்றாலும் ஆழம் கூடக்கூட மேல்மண் அழுத்தி N ஏறும். அதைச் சமன்செய்ய மேல்மண் அழுத்தம் வேண்டும். தண்ணீருக்கு மேல் 2 மீட்டருக்கு 18 வீதம் 36, கீழே 4 மீட்டருக்கு மிதப்பு கழித்து 9 வீதம் 36. மொத்தம் 72 கிலோபாஸ்கல். இதிலிருந்து வரும் திருத்தக் காரணி CN-ஆல் N-ஐப் பெருக்க வேண்டும்:

```
CN = 0.77 log10(2000/72) = 1.11
N' = 32 × 1.11 = 35.5
```

இது மணலுக்கான திருத்தம். களிமண்ணில் போடாதீர்கள்.

இரண்டாவது திருத்தத்தைத்தான் பலர் மறக்கிறார்கள். இறுக்கமான நுண்மணல் அடி விழும்போது விரியப் பார்க்கும். அந்த நொடியில் இடுக்குகளுக்குள் தண்ணீர் புக நேரமில்லாமல் உறிஞ்சல் உண்டாகி, மணல் தற்காலிகமாகக் கெட்டிப்படும். அடித்தளச் சுமை மெதுவாக ஏறும்போது இந்தக் கெட்டி கிடைக்காது. ஆகவே நீர்மட்டத்துக்குக் கீழே, N' 15-ஐத் தாண்டினால், தாண்டியதில் பாதியை மட்டும் எடுக்கிறோம்:

```
N'' = 15 + 0.5 × (35.5 - 15) = 25
```

32-ஐ அப்படியே வைத்திருந்தால் 'அடர்த்தி' என்று எழுதியிருப்போம். 25 என்றால் 'நடுத்தர அடர்த்தி'.

ஆனால் அடிகளை எண்ணும் இடத்திலேயே தப்பு நடந்தால் எந்தத் திருத்தமும் காப்பாற்றாது. மதிய வெயிலில் கயிறு இழுப்பவர் களைத்தால் சுத்தியல் 60 செ.மீ.க்கே எழும்பும். அடி கூடும், மண் உள்ளதைவிட வலுவாகத் தெரியும். ராடில் 75 செ.மீ.க்குச் சாக்பீஸ் கோடு போட்டு நான் பக்கத்திலேயே நிற்பேன். போருக்குள் தண்ணீரை வெளி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கவிட்டாலோ அடிமணல் பொங்கித் தளர்ந்து N குறைந்துவிடும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னொரு தொல்லை, சிதைந்த பாறைக்குள் கிடக்கும் உருண்டைக் கற்கள். 6, 11, அப்புறம் 50 அடிக்கும் நகரவில்லை, சுத்தியல் துள்ளுகிறது, குழாய் வாயில் கல் சில்லுதான் இருக்கிறது என்றால், அதைப் பாறை என்று எழுதிவிடாதீர்கள். துளைக்கருவியால் சில மீட்டர் கோர் எடுத்துப் பாருங்கள். கீழே மறுபடி மண் வந்தால் நீங்கள் அடித்தது ஒரு தனிக்கல்.