8.45 என்பது எட்டே முக்கால் மணி அல்ல: வேலைநேரத் தாளைச் சரிபார்க்கும் முறை

வேலைநேரத் தாளில் நேரும் பிழைகளுள் கண்ணுக்கு எளிதில் படாத ஒன்றை எங்கள் அலுவலகத்தில் கண்டுபிடித்தவர், பயிற்சிக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆகியிருந்த ஓர் இளம்பெண். அவர் சரிபார்த்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் தங்கள் தாளையும் அருகில் வைத்துக்கொண்டு படிக்கலாம்.

படி 1: கூட்டுத்தொகைக்கு முன் தசமப் பகுதியைப் பாருங்கள்

ஏழு பேர் கொண்ட சுமையிறக்கும் குழுவின் ஆறு நாள் சீட்டுகளைக் கோப்பில் அடுக்குவது மட்டுமே அன்று அவருக்குக் கொடுத்திருந்த வேலை. குழுவினர் ஒன்றாக வந்து ஒன்றாகச் செல்பவர்கள் என்பதால், எக்செல் தாளில் ஏழு பேருக்கும் ஒரே எண்கள் இருந்தன: 8.45, 8.45, 8.30, 8.45, 9.15, 8.00. கூட்டுத்தொகை 50.80.

"சார், இதில் .15, .30, .45 மட்டும்தான் வருகிறது. போன வாரத் தாளில் .25, .50, .75 என்று இருந்ததே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலேயே விடை இருந்தது. கால் மணிக் கணக்கில் பதியும் இடத்தில், மணியைத் தசமமாக எழுதினால் .25, .50, .75 வர வேண்டும்; .15, .30, .45 வந்தால் யாரோ நிமிடத்தை அப்படியே புள்ளிக்குப் பின்னால் எழுதியிருக்கிறார் என்று பொருள். நிமிடக் கணக்கில் பதியும் இடமாக இருந்தால், ஒரு வாரப் பதிவு முழுவதிலும் .59-ஐத் தாண்டி ஓர் எண்கூட இல்லாமலிருப்பதே அடையாளம்.

படி 2: மூலச் சீட்டோடு ஒரே ஒரு நாளை ஒப்பிடுங்கள்

சந்தேகம் வந்தவுடன் எண்ணைத் திருத்திவிடக் கூடாது. அவர் முதல் நாளின் சீட்டை எடுத்தார். மேஸ்திரியின் கையெழுத்தில் உள்ளே 7:00, வெளியே 16:15, இடைவேளை அரை மணி என்று இருந்தது. ஒன்பதே கால் மணியில் அரை மணி போக எட்டே முக்கால், அதாவது 8.75. தாளில் இருந்ததோ 8.45. அந்த வாரம் பதிவு செய்யும் பொறுப்பு வேறொருவருக்கு மாறியிருந்தது. அவர் 8 மணி 45 நிமிடத்தைப் புள்ளி வைத்து எழுதிவிட்டார், எக்செல் அதைச் சாதாரண எண்ணாகவே கூட்டிவிட்டது.

படி 3: எவ்வளவு குறைகிறது என்று நிமிடத்தில் எழுதுங்கள்

45 நிமிடத்தை .45 மணி என்று எடுத்தால் 27 நிமிடம்தான் கணக்கில் சேரும். 18 நிமிடம் போய்விடும். 30 நிமிடத்தில் 12-உம், 15 நிமிடத்தில் 6-உம் போகும். அந்த வாரத்தில் 18 நிமிடம் மூன்று முறை, 12 ஒரு முறை, 6 ஒரு முறை, ஆக 72 நிமிடம். சரியான கூட்டுத்தொகை 52 மணி. ஒருவருக்கு 1 மணி 12 நிமிடம் என்றால் ஏழு பேருக்கு 8 மணி 24 நிமிடம்; ஏறக்குறைய ஒருவருடைய ஒரு நாள் உழைப்பு முழுவதும் கூலியின்றிப் போயிருக்கும். அறுபதால் வகுக்க வேண்டியதை நூறால் வகுப்பதால், இந்தப் பிழை எப்போதும் தொழிலாளிக்கு எதிராகவே சாயும். 50.80 என்பது ஆறு நாள் வேலைக்கு நம்பத்தக்க எண்ணாகத் தெரிவதால் மேலோட்டமாகப் பார்ப்பவர் அதைக் கடந்துவிடுவார், நானும் கடந்திருந்தேன்.

படி 4: திருத்துங்கள், ஆனால் கலப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

B பத்தியில் மணி இருந்தால், மாற்றும் சூத்திரம் இது:

```
=INT(B2)+(B2-INT(B2))*100/60
```

8.45 இதனால் 8.75 ஆகும். ஆனால் சில வரிகள் ஏற்கெனவே சரியாக 8.75 என்று இருந்தால், அவை 9.25 ஆகிவிடும். ஆகவே முதலில் இதை ஓட்டிப் பார்க்க வேண்டும்:

```
=ROUND(B2-INT(B2),2)>=0.6
```

ஒரு வரியில் TRUE வந்தாலும் பத்தியில் இரண்டு முறைகளும் கலந்திருக்கின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு: 8.5 என்று மட்டும் இருந்தால் அது எட்டரை மணியா, 8 மணி 5 நிமிடமா, 8 மணி 50 நிமிடமா என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. அத்தகைய வரிகளுக்குச் சீட்டைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எங்கள் பயிற்சிப் பெண் சூத்திரத்தை நம்பாமல், ஆறு நாள்களின் உள்ளே, வெளியே நேரங்களையும் சீட்டிலிருந்தே புதிதாகப் பதிந்தார். உள்நேரம் B-யிலும் வெளிநேரம் C-யிலும் இருக்க, அரை மணி இடைவேளையைக் கழிக்க இது போதும். விடை வரும் கட்டம் எண் வடிவத்தில் இருக்க வேண்டும்:

```
=(C2-B2)*24-0.5
```

இனி வரும் தாள்களுக்கும் இதையே வைத்துவிட்டோம். மணியைக் கையால் தட்டும் பத்தியே இப்போது இல்லை.

படி 5: கூலி போடும் முன் குழுவிடம் காட்டுங்கள்

திருத்திய தாளை அச்செடுத்து, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அடுத்தடுத்த பத்தியில் வைத்து, அவரே மேஸ்திரியிடம் கொண்டுபோனார். "அண்ணா, உங்கள் சீட்டோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்," என்றார். மேஸ்திரி ஒவ்வொரு நாளாக விரல் வைத்துப் பார்த்து, ஒன்பதே கால் மணி வேலை செய்த ஐந்தாம் நாளில் சற்று நின்று, பிறகு 52-க்கு நேரே கையெழுத்திட்டார்.