கூட்டல் சரி, பட்டை தப்பு: லாப வாட்டர்ஃபாலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு பீன்யாவில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்தபோது, போன வருட லாபம் இந்த வருடம் ஏன் குறைந்தது என்று வாட்டர்ஃபால் சார்ட் போட்டுக் காட்டினேன். போன வருட லாபத்தில் தொடங்கி, ஒவ்வொரு காரணமும் ஏற்றியதையும் இறக்கியதையும் ஒரு பட்டையாகக் காட்டி, இந்த வருட லாபத்தில் முடியும் படம் அது. கூட்டல் அச்சு அசலாக வந்தது. ஆனாலும் கொள்முதல் பார்க்கும் சேலத்து அண்ணன் தலையில் வீண் பழி விழுந்தது, காரணம் என் சார்ட்தான்.

எண்களைச் சுருக்கிச் சொல்கிறேன். போன வருடம் விற்றது 10,000 வால்வு, விலை 500 ரூபாய், ஒன்றைச் செய்ய 300 ரூபாய், நிலையான செலவு 12 லட்சம். லாபம் 8 லட்சம். இந்த வருடம் 12,000 வால்வு, விலை 480, செய்ய 310, நிலையான செலவு 13 லட்சம், லாபம் 7.4 லட்சம்.

நான் செய்த தப்பு, கூடுதலாக விற்ற 2,000 வால்வை விற்பனை விலையில், அதாவது 500 ரூபாயில் பெருக்கியது. அளவுப் பட்டை 10 லட்சம் ஏறியது. விலைக் குறைப்பு 2.4 லட்சம் இறக்கம். உற்பத்திச் செலவோ 30 லட்சத்திலிருந்து 37.2 ஆனதால் 7.2 லட்சத்துக்கு ஒரு பெரிய சிவப்புப் பட்டை, அண்ணன் மேல் பழி விழுந்தது இதைப் பார்த்துத்தான். நிலையான செலவில் 1 லட்சம். எல்லாம் சேர்ந்து 0.6 லட்சம் குறைவு, கணக்கு நேராகிவிட்டது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் அந்த 7.2-இல் 6 லட்சம், கூடுதல் வால்வைச் செய்ய பழைய 300 ரூபாயிலேயே ஆகியிருக்கும் செலவு. உண்மையில் செலவு ஏறியது வால்வுக்கு 10 ரூபாய், 12,000-க்கு 1.2 லட்சம்தான். அளவை ஒரு வால்வில் மிஞ்சும் 200 ரூபாயில் பெருக்க வேண்டும்: 4 லட்சம். 4-இல் 2.4, 1.2, 1 மூன்றும் போனால் அதே 0.6 குறைவு.

அப்புறம் 'இதர' என்று ஒரு பட்டை. விலை, செலவு மாற்றத்தை இந்த வருட அளவில் பெருக்காமல் பழைய 10,000-இல் பெருக்கினால் 2 லட்சமும் 1 லட்சமும்தான் கழியும், நான்கு பட்டையும் கூடி பூஜ்யம் வரும், விளக்க வேண்டிய 0.6 லட்சம் முழுக்க 'இதர'வில் போய் ஒளிந்துகொள்ளும். அது மர்மமே இல்லை: கூடுதல் 2,000 வால்விலும் 30 ரூபாய் மிச்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு மாடல் விற்கிறவர்கள் சராசரி விலையை நம்ப வேண்டாம். மலிவான மாடல் அதிகம் போனாலே சராசரி இறங்கும், விலைப்பட்டியலை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். மாடல் மாடலாகக் கணக்கிட்டு, கலவை மாற்றத்துக்குத் தனிப் பட்டை கொடுங்கள்.

எக்செலில் போட்டால் கடைசிப் பட்டையை வலது கிளிக் செய்து Set as total கொடுங்கள். இல்லாவிட்டால் 7.4-ஐயும் ஏற்றம் என்று எண்ணி 14.8 வரை கொண்டுபோய் நிறுத்திவிடும்.